நஷ்டத்தில் ஓடிய மில்லை வாங்கும்போது பழைய வரி நஷ்டத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

உடுமலைப் பக்கம் ஒரு நூற்பு மில். பன்னிரண்டாயிரம் கதிர், நாற்பதாம் நம்பர் நூல். மில் ஆபீஸ் மேசையில் படிந்திருந்த பஞ்சுத் தூசியைக் கையால் தள்ளிவிட்டு, பேலன்ஸ் ஷீட்டை விரித்து வைத்தார் விற்பவர்.

“இருபத்திரண்டு கோடி நஷ்டம் நிக்குதுங்க. வாங்குறவங்க லாபத்துல இதக் கழிச்சா, நாலுல ஒரு பங்கு வரி மிச்சம். அஞ்சரைக் கோடி. அதுல பாதியாவது எங்களுக்குக் குடுக்கோணுமில்லீங்க?”

கேட்டதில் தவறில்லை. நிறுவனத்தின் பழைய நஷ்டம் உண்மையிலேயே ஒரு சொத்துதான். நாளை கட்ட வேண்டிய வரியை அது குறைக்கும். ஆனால் அவர் சொன்ன ஐந்தரைக் கோடி, கணக்கு முடிகிறபோது எவ்வளவாக நின்றது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் மில்களின் கணக்கைப் பார்ப்பது என் தொழில். எண்களை, புரிவதற்காக முழு எண்களாக மாற்றி வைத்திருக்கிறேன்.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருக்கிறது, அதில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் இந்த விஷயத்தில் விதிகளின் சாரம் பழையதைத் தொட்டுத்தான் வருகிறது. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் 79, 72A என்றுதான் வருகிறது என்பதால் நானும் பழைய எண்களையே சொல்கிறேன்.

முதல் படி: பேலன்ஸ் ஷீட்டை மூடி வையுங்கள்

பேலன்ஸ் ஷீட்டில் இருப்பது புத்தக நஷ்டம். வரித்துறை ஏற்றுக்கொள்ளும் நஷ்டம் வேறு. நஷ்டத்தில் ஓடிய மில்லில் இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகவே இருக்கும். முக்கியக் காரணம், கட்டாமல் விட்ட பேங்க் வட்டி. புத்தகத்தில் அது செலவாக ஏறிவிடும். வரிச் சட்டமோ, உண்மையில் கட்டினால்தான் செலவு என்கிறது. பேங்க் அந்த வட்டியைப் புதுக் கடனாக மாற்றி எழுதிக் கொடுத்திருந்தாலும் கட்டியதாக ஆகாது. தொழிலாளர் கிராஜுவிட்டிக்கு ஒதுக்கி வைத்த தொகையும் இப்படியே.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது கடைசியாகத் தாக்கல் செய்த வரி ரிட்டர்ன். கம்பெனிக்கு அது ITR-6. அதில் இரண்டு அட்டவணைகளைத் திறக்க வேண்டும். `Schedule CFL` என்பதில் எந்த ஆண்டு எவ்வளவு வியாபார நஷ்டம், ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலானது என்று வரிசையாக இருக்கும். `Schedule UD` என்பதில் கழிக்க முடியாமல் நின்றுபோன தேய்மானம் இருக்கும். கூடவே வரித் தணிக்கை அறிக்கையான படிவம் 3CD-யையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலே 32-ஆம் பத்தி இந்த நஷ்டங்களைத்தான் பேசுகிறது, பங்குதாரர்கள் மாறினார்களா என்றும் கேட்கிறது.

நம் மில்லில் இந்த அட்டவணைகளைப் பார்த்தபோது 22 கோடி, 18 கோடியாக நின்றது. வியாபார நஷ்டம் 8 கோடி, நின்றுபோன தேய்மானம் 10 கோடி.

இரண்டாம் படி: நஷ்டம் வேறு, தேய்மானம் வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் எல்லாவற்றையும் ‘நஷ்டம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம். சட்டம் அதை இரண்டு மூட்டையாகப் பிரிக்கிறது. இரண்டின் ஆயுளும் குணமும் வேறு.

வியாபார நஷ்டத்துக்கு எட்டு ஆண்டுதான் ஆயுள். வியாபார லாபத்தில் மட்டுமே கழியும். அந்த ஆண்டின் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அந்த ஆண்டு நஷ்டம் அடுத்த ஆண்டுக்கு வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்குகள் கை மாறினால் 79-ஆம் பிரிவு குறுக்கே வரும். நஷ்டம் வந்த ஆண்டின் கடைசி நாளில் யார் கையில் ஓட்டுரிமை இருந்ததோ, அவர்களிடமே குறைந்தது 51 சதவீதம், அதைக் கழிக்கும் ஆண்டின் கடைசி நாளிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நஷ்டம் கழியாது.

தேய்மானத்துக்கு ஆயுள் வரம்பே கிடையாது. பங்கு கை மாறினாலும் அது போகாது. 79-ஆம் பிரிவு நஷ்டத்தைத்தான் தடுக்கிறது, நின்றுபோன தேய்மானத்தை அல்ல என்பது நீதிமன்றங்களில் தீர்ந்துபோன விஷயம்.

கொங்கு நாட்டுத் தொழில்களுக்கு இந்தப் பிரிவினை ரொம்பவே முக்கியம். நூற்பு மில் என்றால் ப்ளோ ரூம், கார்டிங், ரிங் பிரேம், ஆட்டோகோனர் என்று பணம் முழுக்க மெஷினில் கிடக்கும். பலரிடம் காற்றாலையும் இருக்கும். அதனால் மில்லின் நஷ்டத்தில் பெரும்பங்கு தேய்மானம்தான். வாடகைக் கட்டிடத்தில், தையலை ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து ஓட்டும் திருப்பூர் பனியன் கம்பெனியின் கதையே வேறு. அங்கே நஷ்டம் என்றால் ஆர்டர் ரத்து, தள்ளுபடி, வட்டி, சம்பளம்தான். கிட்டத்தட்ட முழுவதும் வியாபார நஷ்டம். இரண்டு கம்பெனிக்கும் ஒரே 10 கோடி நஷ்டம் என்று வைத்துக்கொண்டாலும், பங்கை வாங்குகிறவருக்கு மில்லின் நஷ்டம் உயிரோடு வரும், பனியன் கம்பெனியின் நஷ்டம் கதவிலேயே நின்றுவிடும்.

மூன்றாம் படி: ஆண்டு ஆண்டாகச் சலித்தெடுங்கள்

நம் மில்லின் 8 கோடி வியாபார நஷ்டம் நான்கு ஆண்டுகளில் வந்தது. 2018-19-இல் 1 கோடி. 2022-23-இலும் 2023-24-இலும் 3 கோடி வீதம். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த விலையில் பஞ்சை வாங்கி வைத்து, இறங்கிய விலையில் நூலை விற்றவர்களில் இந்த மில்லும் ஒன்று. பிறகு 2024-25-இல் 1 கோடி.

2018-19 நஷ்டத்தின் எட்டு ஆண்டு 2026-27-உடன் முடிகிறது. மில்லை வாங்கும் கம்பெனியோடு இணைப்பது 2027 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று வைத்திருந்தோம். ஆகவே அது கணக்கில் இல்லை. 2024-25 ரிட்டர்ன் தாமதம். ஆடிட்டருக்கு ஃபீஸ் பாக்கி என்பதால் ஆடிட் தள்ளிப்போய், கெடு தாண்டி டிசம்பரில்தான் தாக்கலாகியிருக்கிறது. அதுவும் போயிற்று. மிஞ்சியது 6 கோடி.

10 கோடித் தேய்மானத்திலும் ஒரு கழிவு உண்டு. புது மெஷினுக்கு முதல் ஆண்டில் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் தேய்மானத்தால் வந்தது அதில் 2 கோடி. வாங்கும் கம்பெனி 22 சதவீதச் சலுகை வரிக்கு, அதாவது 115BAA-க்கு ஏற்கெனவே போய்விட்டது. சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து அங்கே வரி 25.168 சதவீதம். அந்த வழியில் போனவர்களுக்குக் கூடுதல் தேய்மானத்தால் வந்த பாக்கி கழியாது, இணைப்பின் மூலம் வந்தாலும் கழியாது. சாதாரணத் தேய்மானமும் நஷ்டமும் கழியும். குறைந்தபட்ச மாற்று வரியின் தொல்லை அவர்களுக்கு இல்லை என்பது ஒரு வசதி. ஆக, தேய்மானம் 8 கோடி.

22 கோடி இப்போது 14 கோடி ஆகிவிட்டது. இதில் 25.168 சதவீதம் சுமார் 3.52 கோடி. இது இன்னும் விலை அல்ல, உச்ச வரம்பு மட்டும்தான்.

நான்காம் படி: எந்த வழியாக வாங்குகிறீர்கள்?

மெஷினையும் நிலத்தையும் மட்டும் தனியாக வாங்கினால், அல்லது மில்லை அப்படியே ஒரு தொகைக்கு வாங்கினால், பழைய நஷ்டம் விற்பவரிடமே தங்கிவிடும். அந்த வழியைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. மீதி மூன்று வழி.

முதல் வழி, பங்குகளை வாங்கி மில்லைத் தனிக் கம்பெனியாகவே நடத்துவது. அந்த ஆண்டு மார்ச் 31-உடன் 6 கோடி வியாபார நஷ்டம் போய்விடும். 8 கோடித் தேய்மானம் நிற்கும். ஆனால் அது மில்லின் சொந்த வருமானத்தில்தான் கழியும், உங்கள் இன்னொரு கம்பெனியின் லாபத்தில் கழியாது.

இரண்டாவது வழி, மில் கம்பெனியை உங்கள் கம்பெனியோடு நேரடியாக இணைப்பது. 72A பிரிவின்படி நஷ்டம், தேய்மானம் இரண்டும் உங்கள் கம்பெனிக்கு வரும். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு திட்டத்தை ஏற்க வேண்டும். முன்பெல்லாம் இணைப்பு ஆன ஆண்டிலிருந்து நஷ்டத்துக்குப் புதிதாக எட்டு ஆண்டு கிடைக்கும். நஷ்டம் சாகும் முன் ஓர் இணைப்பைச் செய்து ஆயுளை நீட்டுவது வழக்கமாகவே இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதலான இணைப்புகளில் அது கிடையாது. முதலில் நஷ்டம் வந்த ஆண்டிலிருந்தேதான் எட்டு. இன்னமும் பழைய கணக்கைப் போட்டு விலை பேசுகிறவர்களைப் பார்க்கிறேன்.

இந்த வழியில் ஒரு சங்கடம் உண்டு. வரிச் சட்டம் ஏற்கும் இணைப்பாக வேண்டுமென்றால், மில் கம்பெனியின் பங்குகளில், மதிப்பில் முக்கால் பங்கு வைத்திருப்பவர்கள் உங்கள் கம்பெனியில் பங்குதாரர் ஆக வேண்டும். பணத்தைக் கொடுத்து அனுப்ப முடியாது. நம் ஊரில் கம்பெனிப் பங்கு என்பது அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்று வீட்டுக்குள்ளேயே இருப்பது. வெளியாள் ஒருவர் ஆண்டுக் கூட்டத்தில் வந்து உட்காருவதை எத்தனை பேர் ஏற்பார்கள்?

அதனால்தான் மூன்றாவது வழி. உங்கள் கம்பெனியே பணம் கொடுத்து மில்லின் எல்லாப் பங்குகளையும் வாங்கிவிடுவது. முழுச் சொந்தத் துணை நிறுவனமான பிறகு அதை இணைத்துக்கொள்வது. ஏற்கெனவே உங்கள் கம்பெனி கையில் இருக்கும் பங்குகளுக்கு அந்த முக்கால் பங்கு நிபந்தனை கிடையாது. தீர்ப்பாயம் வரை போகாமல், மண்டல இயக்குநர் வழியாகவே விரைவு இணைப்பு செய்துகொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பங்கு முன்னாலேயே கை மாறிவிட்டதால் 6 கோடி வியாபார நஷ்டம் போய்விடும். இணைப்பு நடந்திராவிட்டால் மில் கம்பெனியே எதைக் கழித்திருக்க முடியுமோ அதைத்தான் 72A உங்களுக்குத் தருகிறது. அதற்கே உரிமை இல்லாதது உங்களுக்கு எப்படி வரும்? 8 கோடித் தேய்மானம் மட்டும் வரும்.

கடனில் மூழ்கித் திவால் நடைமுறைக்குப் போன மில் என்றால் விதி தளர்கிறது. தீர்ப்பாயம் ஏற்ற மீட்புத் திட்டத்தின்படி பங்குகள் கை மாறினால் 79-ஆம் பிரிவு தடுக்காது. வருமான வரித்துறைக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு ஆண்டு வரம்பு அப்போதும் உண்டு.

லாபக் கம்பெனியை நஷ்டக் கம்பெனிக்குள் இணைக்கும் தலைகீழ் இணைப்பைச் சிலர் சொல்வார்கள். தேய்மானம் இருந்த இடத்திலேயே இருப்பதால் 72A நிபந்தனைகள் தேவைப்படா. ஆனால் வரிக்காக மட்டும் செய்தது என்று துறை நினைத்தால் தோண்டும். வரி ஆதாயம் ஓர் ஆண்டில் 3 கோடியைத் தாண்டினால் பொதுவான வரித் தவிர்ப்புத் தடுப்பு விதிகளும் பேச்சுக்கு வரும். எதற்காக இணைக்கிறோம் என்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் தாளில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இன்றைய மதிப்புக்குக் கொண்டு வாருங்கள்

அடுத்த அடுத்த ஆண்டுகளில் மிச்சமாகும் வரி இன்றைக்கு எவ்வளவு பெறும்? மில் தொழிலின் ஏற்ற இறக்கத்துக்கு 15 சதவீதம் தள்ளுபடி விகிதம் வைத்தேன், அதாவது அடுத்த ஆண்டு வரும் 115 ரூபாய் இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். வாங்கும் கம்பெனிக்கு ஆண்டுக்கு 6 கோடி வரிக்குரிய லாபம். மில்லின் வருங்கால லாபத்தை இணைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் கனவு காண்பதாகிவிடும்.

நேரடி இணைப்பில் முதலில் கழிவது வியாபார நஷ்டம், அடுத்துதான் தேய்மானம். வரிசை சட்டம் சொல்வது, நம் விருப்பம் அல்ல. முதல் ஆண்டு 6 கோடி நஷ்டம் கழிந்து 151 லட்சம் மிச்சம். இரண்டாம் ஆண்டு 6 கோடித் தேய்மானம் கழிந்து மறுபடி 151 லட்சம். மூன்றாம் ஆண்டு மீதி 2 கோடி கழிந்து 50.3 லட்சம். எக்செல்லில் ஒரு வரி போதும்:

```
=NPV(15%,151,151,50.3)
```

வருவது 278.6, அதாவது 2.79 கோடி.

பங்கை வாங்கி இணைத்தால் முதல் ஆண்டு 151, இரண்டாம் ஆண்டு 50.3. இன்றைய மதிப்பு 1.69 கோடி. இரண்டுக்கும் வித்தியாசம் 1.1 கோடி. விற்பவரைப் பங்குதாரராக ஏற்கத் தயங்குவதற்கு வாங்குபவர் தரும் விலை அது. இந்த எண்ணைக் காட்டியபோது வாங்குபவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ஒரு கோடி போனாப் போகட்டுமுங்க, வீட்டுக்குள்ள வெளியாளு வேண்டாம்” என்றார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. எண் தெரிந்து எடுத்தார் என்பதில் எனக்குத் திருப்தி.

பங்கை வாங்கித் தனியாக நடத்தினால்? மில்லும் 22 சதவீத வரிக்கே போய், முதல் ஆண்டு லாபமே இல்லாமல், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 1 கோடி லாபம் வந்தால் 8 கோடி கழிய எட்டு ஆண்டாகும். இன்றைய மதிப்பு 98 லட்சம். மில் ஆண்டுக்கு 50 லட்சம்தான் சம்பாதித்தால் சுமார் 65 லட்சமாக இறங்கிவிடும். லாபமே வராவிட்டால் பூஜ்யம்.

ஆறாம் படி: ஐந்து ஆண்டு நிபந்தனைகளுக்கு விலை போடுங்கள்

இணைப்பு வழியில் வரும் சலுகை சும்மா வருவதில்லை. இங்கேதான் பலர் அவசரப்பட்டு ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இணைப்புக்கு முன்பே மில் கம்பெனி நிறைவேற்றியிருக்க வேண்டியவை இரண்டு. அந்தத் தொழிலில் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இணைப்புக்கு இரண்டு ஆண்டு முன்பு வைத்திருந்த நிலைச் சொத்துகளில், புத்தக மதிப்பில் முக்கால் பங்காவது இணைப்புத் தேதியிலும் கையில் இருக்க வேண்டும். ‘புத்தக மதிப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கஷ்டத்தில் இருக்கும் மில் முதலில் விற்பது ரோட்டோரம் சும்மா கிடக்கும் இரண்டு ஏக்கரைத்தான். தாத்தா காலத்தில் வாங்கியது என்றால் புத்தகத்தில் அது சில ஆயிரங்கள்தான் இருக்கும். கோடிக்கு விற்றிருந்தாலும் இந்த நிபந்தனை உடையாது. அதே மில் நாலு வருடப் பழசான ஆட்டோகோனரையும் நாலு ரிங் பிரேமையும் விற்றிருந்தால், கிடைத்த பணம் கொஞ்சம்தான், ஆனால் புத்தக மதிப்பில் பெரிய பங்கு போயிருக்கும். நிலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் மெஷினைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார்கள். சொத்துப் பதிவேட்டை இரண்டு ஆண்டு பின்னோக்கிப் போய் ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும்.

இணைப்புக்குப் பிறகு உங்கள் பொறுப்பு. வாங்கிய நிலைச் சொத்துகளில் புத்தக மதிப்பில் முக்கால் பங்கை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். மில் தொழிலை ஐந்து ஆண்டு நடத்த வேண்டும். நான்கு ஆண்டு முடிவதற்குள் உற்பத்தி நிறுவு திறனில் பாதியைத் தொட வேண்டும், ஐந்தாம் ஆண்டு முடியும்வரை அது குறையக்கூடாது. பழைய விதிகளில் இது 9C. ஆடிட்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நம் மில் நாளுக்கு சுமார் நாலு டன் நூல் எடுக்கக்கூடியது. இரண்டு டன்னாவது ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இணைப்புக்கு முன் மில் உண்மையிலேயே ஓடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உற்பத்திப் பதிவேட்டை எழுதிவிடலாம். மின்வாரியத்தின் எச்.டி. பில்லை எழுத முடியாது. முப்பத்தாறு மாத பில்லை வரிசையாக அடுக்கி யூனிட்டை மட்டும் பாருங்கள். பன்னிரண்டாயிரம் கதிர் ஓடும் மில்லின் யூனிட்டும், வாட்ச்மேன் விளக்கும் ஆபீஸ் ஃபேனும் மட்டும் ஓடும் மில்லின் யூனிட்டும் ஒன்றாக இருக்காது. எந்த மாதம் ஷிப்ட் குறைந்தது, எந்த மாதம் கதவு சாத்தியது என்பதை அந்தத் தாள்களே சொல்லிவிடும். துறை கேட்டாலும் அதையேதான் கேட்கும்.

நிபந்தனை மீறினால், அதுவரை கழித்த நஷ்டமும் தேய்மானமும் மீறிய ஆண்டின் வருமானமாகத் திரும்பிவிடும். பங்கை வாங்கி இணைத்த வழியில் நான்காம் ஆண்டு மீறினால் 8 கோடி வருமானமாகி, 2.01 கோடி வரி வரும். அதன் இன்றைய மதிப்பு 1.15 கோடி. மீறும் வாய்ப்பைப் பத்தில் மூன்று என்று வைத்தேன். அப்போது 1.69 கோடியில் சுமார் 35 லட்சம் குறையும். முத்திரைத் தீர்வை, வக்கீல், மதிப்பீட்டாளர், ஆடிட்டர் செலவுக்கு 25 லட்சம். மிஞ்சுவது 1.1 கோடி.

இதைத் தனியாக நடத்தும் வழியின் 98 லட்சத்தோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 12 லட்சம்தான்! தனியாக நடத்துவதில் ஐந்து ஆண்டு நிபந்தனை எதுவும் இல்லை. மில் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கை இருக்கிறவருக்கு இணைப்பே தேவையில்லை. நம்பிக்கை இல்லாதவருக்குத்தான் இணைப்பு கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அவருக்குத்தான் அது ஆபத்தும்கூட. மில் ஆண்டுக்கு 40 லட்சம் ரொக்க நஷ்டத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த நஷ்டத்துக்குக் கிடைக்கும் வரிச் சலுகை போக, ஆண்டுக்கு 30 லட்சம் கையிலிருந்து போகும். ஐந்து ஆண்டுக்கு இன்றைய மதிப்பில் ஒரு கோடி. கிடைத்த 1.1 கோடியும் கரைந்துவிடும். மூடவும் முடியாது, மூடினால் வரி திரும்பி வரும்.

ஏழாம் படி: மார்ச் 31-ஐ மறக்காதீர்கள்

79-ஆம் பிரிவு பார்ப்பது ஆண்டின் கடைசி நாளை மட்டும்தான். என் அனுபவத்தில் இதனால் பட்ட அடி ஒன்று இன்னும் வலிக்கிறது. ஒரு பனியன் கம்பெனி. நஷ்டம் 3 கோடி, ஏறக்குறைய முழுவதும் வியாபார நஷ்டம். நூல் கடைக்காரர்களுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் தர வேண்டிய பழைய பாக்கியைப் பேசி முடித்ததில் 1.2 கோடி தள்ளுபடி கிடைத்திருந்தது. அப்படிக் கிடைத்த தள்ளுபடி வியாபார வருமானம்தான். பழைய நஷ்டத்தில் கழித்துவிட்டால் வரியே இல்லை. பங்கு மாற்றத்தை ஏப்ரல் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பங்குனியில் நல்ல நாள் அமைந்தது என்று, எனக்குச் சொல்லாமலே மார்ச் கடைசி வாரத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டுக் கடைசி நாளில் பழைய பங்குதாரர்கள் இல்லை. 3 கோடி நஷ்டம் கழியவில்லை. 1.2 கோடிக்கு முழு வரி, முப்பது லட்சம். பத்து நாள் தள்ளிப் போட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க வேண்டாம். ஏன் ஏப்ரல் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே விற்பவர் கம்பெனியில் நிற்கும் வியாபார நஷ்டம் பங்கு மாற்றத்தோடு சாகப் போகிறது என்று தெரிந்தால், அதற்கு முந்தைய மார்ச் 31-க்குள் அதைச் சாப்பிடக்கூடிய வியாபார வருமானம் ஏதாவது உண்டா என்று தேடுங்கள். பாக்கித் தள்ளுபடி, தேங்கிய ஸ்டாக் விற்பனை, வரவேண்டிய இன்சூரன்ஸ் தொகை எல்லாவற்றையும் அந்த ஆண்டுக்குள் கொண்டு வந்துவிட்டு, கையெழுத்தை ஏப்ரலில் வையுங்கள். சித்திரையிலும் நல்ல நாள் உண்டு.

எட்டாம் படி: எவ்வளவு, எப்போது கொடுப்பது

1.1 கோடி என்பது வாங்குபவருக்கு இந்த நஷ்டத்தால் கிடைக்கும் முழு ஆதாயம். அதை முழுவதும் விற்பவருக்குக் கொடுத்துவிட்டால், ஆபத்தை மட்டும் தான் வைத்துக்கொண்டதாகிவிடும். பாதிக்கு மேல் போகாதீர்கள் என்பது என் வழக்கமான ஆலோசனை. அதையும் முழுக்க முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். மில்லின் மற்ற மதிப்புக்கு ஒரு விலை, வரி நஷ்டத்துக்குத் தனி விலை என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுங்கள். உடுமலை மில்லில் கடைசியாக முடிந்தது இப்படி: கையெழுத்தன்று 15 லட்சம், பிறகு ஒவ்வோர் ஆண்டும் உண்மையில் மிச்சமான வரியில் ஐந்தில் ஒரு பங்கு. விற்பவர் முதலில் முகம் சுளித்தார். சலித்தெடுத்த தாளை ஆண்டு ஆண்டாகக் காட்டிய பிறகு, “டிசம்பர்ல தாக்கல் பண்ணுனது எங்க தப்புத்தானுங்க” என்று அவரே சொன்னார்.

ஒப்பந்தத்தில் இன்னொரு பத்தி கட்டாயம் வேண்டும். வரித்துறை பழைய ஆண்டின் நஷ்டத்தைப் பின்னால் குறைத்தால் அந்தச் சுமை விற்பவருடையது என்று எழுத வேண்டும். குறைத்துக் காட்டிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ ஆகிற வழக்குகளில், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு மூன்று மாதம் வரை கணக்கைத் திறக்க நோட்டீஸ் வரலாம். ஆகவே விற்பவரின் உறுதிமொழிக்கும் அதே காலத்தை வையுங்கள். அவர் பங்கில் ஒரு பகுதியை அதுவரை வங்கியில் இருவர் கையெழுத்துக் கணக்கில் நிறுத்தி வைத்தால், பிறகு வசூலுக்கு அலைய வேண்டியதில்லை.